முப்பது சதவீத டியூட்டியில் ஒளிந்துகொள்ளும் ஸ்டால்

ரோபோ கையின் மூட்டு எதிலாவது இடித்து, மின்சாரம் பாய்ந்தும் மோட்டார் சுழலாமல் நின்றால், அதாவது ஸ்டால் ஆனால், மின்னோட்டம் எகிறும், ஒரு வரம்பைத் தாண்டியதும் டிரைவரை அணைத்துவிடலாம் என்றுதான் பெரும்பாலும் வடிவமைப்பு தொடங்குகிறது. முழு வேகத்தில் ஓடும் மூட்டுக்கு அது போதும். மெதுவாக நகரும் மூட்டில்தான் மோட்டார் கருகுகிறது.

12 வோல்ட், 2 ஓம் சுருள் கொண்ட பிரஷ் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். முழு டியூட்டியில், அதாவது மின்சாரம் இடைவிடாமல் இணைந்திருக்கும்போது, நின்றுபோனால் 6 ஆம்பியர் பாயும். வரம்பை 4 ஆம்பியரில் வைத்திருக்கிறோம். மூட்டு 30% டியூட்டியில் நகரும்போது சிக்கிக்கொண்டால் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட், மின்னோட்டம் 1.8 ஆம்பியர் மட்டுமே. வரம்பு பக்கத்தில்கூட வராது. ஆனால் அசையாமல் நிற்கும் சுருளில் சுமார் 6.5 வாட் வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கும்.

அளக்கும் இடமும் ஏமாற்றும். மின்னோட்டத்தை அளக்கும் ஷன்ட் ரெசிஸ்டர், மோட்டாரை இயக்கும் எச்-பாலத்துக்கும் தரைக்கும் நடுவே இருந்தால், பிடபிள்யூஎம் அணைந்த நேரத்தில் மோட்டார் மின்னோட்டம் கீழ் மாஸ்பெட்கள் வழியாகவே சுற்றும், ஷன்ட்டைத் தொடாது. வடிகட்டிச் சராசரி எடுத்தால் 1.8-க்குப் பதில் 0.54 ஆம்பியர் தெரியும். துடிப்பின் நடுவில் ஏடிசியைத் தூண்டிப் படித்தால் சரியாகும். ஆனால் மிகக் குறைந்த டியூட்டியில் துடிப்பு ஒடுங்கி, பெருக்கி நிலைகொள்ள நேரமிருக்காது. மூட்டுகளுக்கு, ஷன்ட்டை மோட்டார் கம்பியிலேயே தொடராக வைப்பதுதான் என் தேர்வு. 10 மில்லிஓம், 20 மடங்கு பெருக்கம், 1.65 வோல்ட் நடுப்புள்ளி: ஆம்பியருக்கு 0.2 வோல்ட், இரு திசையும் தெரியும். பெருக்கி மட்டும் பிடபிள்யூஎம் தாவல்களைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும்.

வரம்பை டியூட்டியோடு நகர்த்த வேண்டும். கீழே D டியூட்டி, dcount என்பது முந்தைய வாசிப்பிலிருந்து என்கோடர் எண்ணிக்கை மாறிய அளவு:

```
I_stall = D * V / R
stall = (fabs(I) > 0.65 * fabs(I_stall)) && (abs(dcount) < 3)
```

இந்த நிலை தொடர்ந்து 150 மில்லிவினாடி நீடித்தால்தான் ஸ்டால். கிளம்பும்போது, சுழலும் மோட்டார் உண்டாக்கும் எதிர்மின்னழுத்தம் இன்னும் இல்லாததால் அப்போதும் ஸ்டால் அளவு மின்னோட்டமே பாயும். அதை விலக்கத்தான் இந்தக் காத்திருப்பு. மிகக் கனமான சுமையோடு கிளம்ப ஆகும் நேரத்தை அளந்து, அதைவிடச் சற்றுக் கூட்டி வையுங்கள்.

ஏன் 0.65? சுருளின் வெப்பநிலை 80 டிகிரி கூடினால் மின்தடை 2.6 ஓமைத் தாண்டும். முழு ஸ்டாலே ஏறக்குறைய 4.6 ஆம்பியராகிவிடும். 0.8 என்று வைத்தால் வரம்பு 4.8. குளிர்ந்த மோட்டாரில் சோதனை தேறும், சூடான மோட்டாரில் பாதுகாப்பு விழிக்காது. V-யையும் நிலையான 12 என்று எழுதாமல் அளந்தே போடுங்கள், பேட்டரி சரியும்.

ஸ்டால் உறுதியானதும் மின்சாரத்தை ஒரேயடியாக வெட்டாதீர்கள். சுமையே பின்னோக்கிச் சுழற்றிவிடக்கூடிய கியர் என்றால் தோள் மூட்டு சுமையோடு விழும். மின்னோட்டத்தை மோட்டார் தொடர்ந்து தாங்கக்கூடிய மதிப்பீட்டுக்குள் இறக்கி, வந்த வழியே சில டிகிரி பின்வாங்கச் செய்யுங்கள். அந்த மதிப்பீட்டுக்குள் கையைத் தாங்க முடியாவிட்டால் மூட்டுக்கு பிரேக் வேண்டும். அதை மென்பொருளால் ஈடுகட்ட முடியாது.