நாமா நாங்களா? எதிர்ப்புப் பாட்டு பேப்பர் எழுதப் போறவங்களுக்கு

ரிசல்ட் முந்தாநாள் வந்துச்சு, ஏ மைனஸ். மிட்டெர்ம்ல 25க்கு 9 வாங்குனவ நான், அதனால இன்னும் கை நடுங்குது. பேப்பர்ல ஒரு எதிர்ப்புப் பாட்டக் குடுத்து விளக்கி எழுதச் சொல்லுவாங்க, நான் எங்க வழுக்குனேன்னு மட்டும் சொல்றேன்.

மிட்டெர்ம்ல "வீ ஷால் ஓவர்கம்" வந்துச்சு, "ஜெயிப்போம்"னு அமெரிக்கக் கறுப்பினத்தவங்க உரிமைப் போராட்டத்துல பாடுன பாட்டு. நான் இது 1963 வாஷிங்டன் பேரணியோட பாட்டுன்னு ஆரம்பிச்சு, ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் எழுதி ரெண்டு பக்கம் ரொப்பிட்டேன். லெக்சரர் சிவப்பு மையில ஒரே கேள்விதான் எழுதியிருந்தாரு: எந்த வரி, எந்த வருஷம்?

செமஸ்டர் லீவுக்கு சுங்கை சிப்புட் வந்து அந்தக் கேள்வியோடவே கெடந்தேன். தேடிப் பாத்தா அது ஒரு ஆளு ஒரு நாள்ல எழுதுன பாட்டே இல்ல. 1900 வாக்குல சார்ல்ஸ் டிண்ட்லின்னு ஒரு பாதிரியார் எழுதுன சர்ச் பாட்டுல கிட்டத்தட்ட இதே சொல்லு இருக்கு, ஆனா அங்க "நான்" ஜெயிப்பேன்னு வருது, மெட்டும் வேற. (சொல்லு ஒத்துப்போனா அதே பாட்டுன்னு எழுதிடாதீங்க, மார்க் போற எடம்.) 1945 அக்டோபர்ல தென் கரோலைனா சார்ல்ஸ்டன்ல சுருட்டு ஆலைத் தொழிலாளிங்க ஸ்ட்ரைக் பண்ணாங்க, அதிகமும் கறுப்பினப் பெண்கள். வாசல்ல மறியல் நிக்கறப்ப லூசில் சிம்மன்ஸ்னு ஒரு அம்மா இத ரொம்ப மெதுவா இழுத்துப் பாடுவாங்களாம், அங்கதான் "நான்" போயி "வீ" வந்துச்சுன்னு சொல்றாங்க.

இதப் போட்டுப் போட்டு பாடிப் பாத்துட்டு இருந்தேன். பாட்டி வாசல்ல உக்காந்து வெத்தல மடிச்சிட்டு இருந்தாங்க, முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுனவங்க, களையும் புடுங்குனவங்க. கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "ஆயி, இது களை புடுங்கற பாட்டு இல்லடி, கை இந்த வேகத்துல ஓடாது, இது நிக்கற பாட்டு"ன்னாங்க. இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது அவங்களுக்கு. வேலைப் பாட்டுக்கு தாளம் கைய ஓட்டணும், மறியல் பாட்டுக்கு மூச்சு தாக்குப் பிடிக்கணும், மணிக்கணக்கா ஒரே எடத்துல நிக்க வைக்கணும். அதுக்கப்புறம் எந்தப் பாட்டு வந்தாலும் நான் மொதல்ல கேக்கறது பாடுனவங்க ஒடம்பு என்ன பண்ணிட்டு இருந்துச்சுன்னுதான்.

ரெண்டாவது, பைனல்ல என்னக் காப்பாத்துனது. இங்கிலீஷ்ல "வீ" ஒண்ணுதான், நமக்கு நாம, நாங்கன்னு ரெண்டு இருக்கு. ஒவ்வொரு தேதியிலயும் இது எதுன்னு தமிழ்ல மாத்திப் பாருங்க.

1945 ஆலை வாசல்: நாங்க. பாட்டக் காதுல கேக்கறது கம்பெனி, அது இந்த "நாங்க"ளுக்கு வெளிய.

1959 டென்னசி ஹைலாண்டர் பள்ளி, உரிமைப் போராட்டக்காரங்களுக்குப் பயிற்சி குடுத்த எடம்: போலீஸ் ராத்திரி ரெய்டு வந்து, இருட்டுல உக்கார வைக்கறாங்க. அங்க இருந்த ஒரு சின்னப் பொண்ணு "எங்களுக்குப் பயமில்ல"ன்னு புது வரி சேக்குது. இதும் நாங்கதான், ஆனா கேக்கறது டார்ச் லைட்டோட நிக்கற போலீஸ். இந்த வரிய 1945ல வச்சு எழுதுனா முழு ஆர்கியுமென்ட்டும் சாஞ்சுடும்.

1965 மார்ச் 15: அலபாமாவுல இருக்கற செல்மாவுல வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவங்கள போலீஸ் அடிச்சு எட்டு நாள் கழிச்சு, ஜனாதிபதி ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்துக்காக காங்கிரஸ்ல பேசறாரு, கறுப்பினத்தவங்க மட்டும் இல்ல நாம எல்லாருமே வெறுப்பையும் அநீதியையும் தாண்டி ஜெயிக்கணும்னு சொல்லிட்டு அதே மூணு வார்த்தையச் சொல்றாரு. இப்ப நாம ஆயிடுச்சு. வாசல்ல நின்னவங்களோட சொல்லு அரசாங்கத்து வாய்க்குப் போயிடுச்சு, இது வெற்றியா இல்ல பாட்டோட கூர்மை போச்சான்னு ரெண்டு பக்கமும் எழுதலாம், நான் ரெண்டும்னு எழுதுனேன்.

பைனல்ல நான் கடைப்பிடிச்சது:
- வரிக்கு வரி தேதி. பாட்டுக்கு ஒரே தேதி போடாதீங்க.
- மெட்டு எங்கேர்ந்து வந்துச்சு? கூட்டத்துக்கு ஏற்கனவே தெரிஞ்ச மெட்டுன்னா பாடறதுக்கு நோட்டு தேவையில்ல.
- நாமா நாங்களா, கேக்கறது யாரு.
- ஒடம்பு என்ன செய்யுது. கை கோத்து நிக்கறதா, நடக்கறதா.
- உவமை, உருவகமெல்லாம் கடைசியில, நேரம் இருந்தா.

ஒண்ணு மட்டும் எழுதவே கூடாது: "இந்தப் பாட்டாலதான் சட்டம் வந்துச்சு." அத நிரூபிக்க முடியாது. ராத்திரி ரெய்டுல எழுந்து ஓடாம உக்காந்திருந்தாங்களே, அந்த அளவுக்குத்தான் சாட்சி இருக்கு, அத எழுதுங்க போதும்.

அப்புறம் மனப்பாடம் பண்ணாதீங்க, வாய் விட்டுப் பாடுங்க. பக்கத்து வீட்டுல என்ன நெனச்சாலும் சரி. எந்த வரியில மூச்சு வாங்குதுன்னு பேப்பர் முன்னால உக்காரறப்ப தானா ஞாபகம் வருது.