பேய்னு சொன்னாங்க, மனநோய்னு சொன்னாங்க, கடைசில முதுகுத்தண்டு தண்ணி டெஸ்ட்ல மூளை வீக்கம்னு தெரிஞ்சிச்சி

நாங்க காவேரிப்பட்டணம் பக்கம், மாங்கா சீசன்ல அப்பாவும் நானும் மண்டியிலயே கெடப்போம், அதனால தங்கச்சிக்கு ரெண்டு நாள் காய்ச்சல் தலைவலின்னு அம்மா சொன்னப்ப யாரும் பெருசா எடுத்துக்கல. காய்ச்சல் விட்டு நாலாவது நாள் ராத்திரி பூரா தூங்காம பேசிட்டே இருந்தா. ஃபேன்ல இருந்து யாரோ கூப்பிடறாங்கன்றா, அம்மாவப் பாத்தே நீ யாருன்றா. 19 வயசு, அதுக்கு முன்னாடி ஒரு நாள் கூட அப்படி இருந்ததில்ல. சித்தப்பா சொன்னாருன்னு ஒரு பூசாரிகிட்ட கூட்டிட்டுப் போயி மூணு நாள் வீணாப்போச்சி, அதை நெனச்சா இப்பவும் வயிறு எரியுது.

அப்புறம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. மனநோய்னு ஹாலோபெரிடால் ஊசி போட்டாங்க. மறுநாள் உடம்பு கட்டை மாதிரி விறைச்சி காய்ச்சலும் ஏறிடுச்சி. மருந்து ஒத்துக்கலன்னு நிறுத்தினாங்க, ஆனா ஏன் ஒத்துக்கலன்னு யாரும் யோசிக்கல. எம்ஆர்ஐ எடுத்து மூளை நார்மல்னு சொன்னதால நாங்களும் இது மனசு சம்பந்தப்பட்டதுதான்னு நம்பிட்டோம். இந்த நோய்ல பாதிப் பேருக்கும் மேல எம்ஆர்ஐ நார்மலாதான் இருக்கும்னு பின்னாடிதான் தெரிஞ்சிச்சி.

பன்னெண்டாவது நாள் ஃபிட்ஸ் வந்துச்சி. அது நின்ன பிறகும் அவ வாய் மட்டும் நிக்கல, எதையோ மெல்ற மாதிரி, உதட்டை சுழிச்சிக்கிட்டே, தூக்கத்துல கூட. அங்க ஒரு நர்சக்கா இதைப் பாத்துட்டு, தம்பி இது மனசு இல்ல, நரம்பு டாக்டர்கிட்ட காட்டுன்னு தனியா கூப்பிட்டு சொன்னாங்க. அன்னிக்கே ஓசூர் தாண்டி பெங்களூர் போயிட்டோம்.

அங்க நரம்பு டாக்டர் அந்த வாயைத்தான் ரொம்ப நேரம் பாத்தாரு. முதல்ல காய்ச்சல், அப்புறம் திடீர்னு மனநிலை மாற்றம், ஃபிட்ஸ், வாய் அசைவு, பல்ஸ் ஒரு நேரம் 140 ஒரு நேரம் 50, இதெல்லாம் வரிசையா வந்தா என்எம்டிஏ ரிசப்டர் என்செஃபலைட்டிஸ்ங்கற மூளை வீக்கம்தான் முதல் சந்தேகம்னாரு. கிருமிய அழிக்க வேண்டிய ஆன்டிபாடி வழி தவறி மூளை செல்லு மேல சிக்னல் வாங்கற ரிசப்டர்ல ஒட்டிக்குமாம், அதனால அந்த ரிசப்டரை செல்லு உள்ள இழுத்துக்கும், செல்லு செத்துப்போறதில்ல, அதனாலதான் திரும்பி வர வாய்ப்பிருக்குன்னு சொன்னாரு. அந்த ஒரு வார்த்தைய பிடிச்சிக்கிட்டுதான் அம்மா சோறே தின்னாங்க.

முதுகுல ஊசி போட்டு தண்ணி எடுத்தா கை கால் விழுந்துடும்னு ஊர்ல சொல்லி பயமுறுத்தி இருந்தாங்க. அப்படி எதுவும் ஆகல, ஒரு நாள் தலைவலிதான். அந்த தண்ணில அஞ்சுக்குள்ள இருக்க வேண்டிய வெள்ளை அணு 32 இருந்துச்சி. ஆன்டிபாடிய ரத்தத்துல மட்டும் பாத்தா சில பேருக்கு தப்பிடும், இந்த தண்ணியிலயும் பாக்கணும், அதனால ரெண்டையும் அனுப்பினாங்க. ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகும்னாங்க. ஆனா டாக்டர் அதுக்கு காத்திருக்கல. மூளைக்காய்ச்சல் வைரஸுக்கான மருந்து ஒரு பக்கம் ஓட, அந்த வைரஸ் இல்லன்னு வந்த உடனே ஸ்டீராய்டு ஆரம்பிச்சிட்டாரு, தினம் ஒரு கிராம், 5 நாள். கூடவே இம்யூனோகுளோபுலின், அது ரத்த தானம் குடுத்தவங்ககிட்ட இருந்து எடுத்த ஆன்டிபாடி. அவ 44 கிலோ, கிலோவுக்கு மொத்தம் 2 கிராம் கணக்கு, அதை அஞ்சு நாளா பிரிச்சி ஏத்தினாங்க. பிளாஸ்மா மாத்தற வழியும் இருந்துச்சி, பிபி ஏறி இறங்கறதால அது இப்ப வேணாம்னாரு. அம்மா நகை அந்த வாரத்துலயே அடகுக்குப் போச்சி.

ஆன்டிபாடி பாசிட்டிவ். அடுத்து வயித்து ஸ்கேன், எங்களுக்கு ஒண்ணும் புரியல, மூளை நோய்க்கு எதுக்கு வயித்து ஸ்கேன்னு. வயசுப் பொண்ணுங்களுக்கு கருப்பைல இல்ல, சினைப்பைல டெரடோமான்னு ஒரு கட்டி இருக்கலாம், அதுக்குள்ள நரம்பு திசு இருக்கும், உடம்பு அதை எதிர்க்கப் போய் மூளையையும் சேத்து எதிர்க்குது. அவளுக்கு 3 சென்டிமீட்டர் கட்டி இருந்துச்சி. லேப்ராஸ்கோப்பில எடுத்தாங்க. எல்லாருக்கும் கட்டி இருக்காதாம், ஆனா இருந்தா எடுக்காம மருந்து மட்டும் குடுத்தா சரியாகறது கஷ்டம்னாங்க.

எடுத்ததும் எழுந்து உக்காந்துடல. பத்து நாள் எந்த மாற்றமும் இல்ல, அப்புறம் ரிட்டுக்ஸிமாப்னு இன்னொரு மருந்து ஏத்தினாங்க. முதல்ல வாய் அசைவு நின்னுச்சி, அப்புறம் நான் சொன்னா கண்ணை மூடினா, ஒரு மாசம் கழிச்சி 'அண்ணா தண்ணி'ன்னா. கோபமும் தூக்கமில்லாததும்தான் கடைசி வரைக்கும் இருந்துச்சி, வந்த வரிசைக்கு தலைகீழா போச்சி. காலேஜ் திரும்பப் போக எட்டு மாசம் ஆச்சி.

அந்த ஆஸ்பத்திரி நாளு எதுவுமே அவளுக்கு ஞாபகம் இல்ல. பூசாரி வீட்டுக்குப் போனதை நான் சொல்லல, அம்மாதான் ஒரு நாள் சொல்லி அழுதாங்க. இது திரும்ப வரலாம்னு டாக்டர் எச்சரிச்சிருக்காரு, அதனால அவ ரெண்டு ராத்திரி சேந்தாப்ல தூங்கலன்னா எங்க வீட்டுல யாரும் விடியற வரைக்கும் காத்திருக்கறதில்ல, ஃபைலை எடுத்துக்கிட்டு கெளம்பிடுவோம்.