க்ளோசிங் நேரத்துல லீவு: எந்த நாள் கேக்குறோம்ங்கிறது

இயர் எண்ட் க்ளோசிங்ல வர்ற லீவு ரெக்வெஸ்ட் எல்லாம் கொஞ்ச வருஷமா என்கிட்டதான் வருது. அக்கவுண்ட்ஸ் டீம் லீட்ங்கிறதால அப்ரூவ் பண்றதும் நான்தான், முடியாதுன்னு சொல்லி முறைப்பை வாங்கிக்கிறதும் நான்தான். இத்தனை மெயில் படிச்சதுல எனக்குப் புரிஞ்சது, எல்லாரும் காரணத்தை எழுதத்தான் ரொம்ப மெனக்கெடுறாங்க. உடம்பு சரியில்லாத மாமியார்ல ஆரம்பிச்சு டாக்டர் சீட்டு ஸ்கேன் வரைக்கும் வந்துடும், ஆனா அந்த நாள்ல அவங்க கையில என்ன வேலை இருக்கு, அதை யார் பாப்பாங்கன்னு ஒரு வரி இருக்காது. எனக்கு வேண்டியது அந்த ஒரு வரிதாங்க. காரணம் உண்மையா பொய்யான்னு துருவிக்கிட்டு இருக்க எனக்கு நேரமும் இல்ல, இஷ்டமும் இல்ல.

போன க்ளோசிங்ல நடந்ததையே சொல்றேன். எங்க டீம்ல பேயபிள்ஸ், அதாவது வெண்டருங்களுக்கு நாம குடுக்க வேண்டிய பாக்கிக் கணக்கு பாக்குற பொண்ணு, அம்மாவுக்கு கண்புரை ஆபரேஷன்னு மூணு நாள் லீவு கேட்டா. கேட்ட தேதி, வருஷம் முடிஞ்சு மூணாவது வேலை நாள்ல இருந்து அஞ்சாவது வேலை நாள் வரைக்கும். எங்க க்ளோசிங் காலண்டர்ல மூணாவது நாள் வெண்டர் லெட்ஜரை மூடணும், நாலாவது நாள் அக்ரூவல் போடணும், அதாவது பொருளோ சர்வீஸோ வந்துடுச்சு ஆனா இன்வாய்ஸ் இன்னும் வரலைங்கிற செலவை எல்லாம் தேடிப்பிடிச்சு கணக்குல ஏத்தணும். ஆறாவது நாள் ட்ரையல் பேலன்ஸ் ஃப்ரீஸ். அவ கேட்ட மூணு நாளும் அவ வேலை உச்சத்துல இருக்குற நாள். அவ லெட்ஜரை மூடலைன்னா அவளுக்குப் பின்னாடி இருக்குற நாலு பேர் கையைக் கட்டிக்கிட்டு உக்காரணும்.

நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், "தேதி மாத்த முடியுமாம்மா, ஹாஸ்பிடல்ல கேட்டியா?" கேக்கலையாம். அவங்க சொன்ன தேதியை அப்படியே வாங்கிட்டு வந்திருக்கா. கண்புரைங்கிறது பெரும்பாலும் ஒரு ரெண்டு மூணு வாரம் தள்ளி வச்சாலும் பாதகமில்லாத ஆபரேஷன், ஆனா அதை டாக்டர்தான் சொல்லணும், நானோ அவளோ முடிவு பண்றது இல்ல. அவ போய் கேட்டா, தள்ளலாம்னு சொல்லி வேற ரெண்டு தேதி குடுத்தாங்க. ஒண்ணு ஆடிட் ஆரம்பிச்சு ரெண்டாவது வாரம், இன்னொண்ணு ஆடிட் முடியுற கடைசி வாரம்.

அவ கடைசி வாரத்தைத்தான் எடுத்தா. "அக்கா, அப்போ ஆடிட்டர் சாம்பிளுக்கு கேக்குற வவுச்சர் எல்லாம் குடுத்து முடிச்சிருப்பேன், சும்மாதான் இருப்பேன்"ன்னா. வெளியில இருந்து பாக்க அப்படித்தான் தெரியும், ஆனா பேயபிள்ஸ்காரங்களுக்கு கடைசி வாரம்தான் மாட்டுற வாரம். ஏன்னா ஆடிட்டருக்கு கடன் பக்கத்துல இருக்குற பெரிய சந்தேகம், எதையாவது ஏத்தாம விட்டுட்டாங்களான்னுதான். அதைக் கண்டுபிடிக்க வருஷம் முடிஞ்சப்புறம் நடந்த பேமெண்ட்டையும் வந்த இன்வாய்ஸையும் எடுத்து, இது எந்த வருஷச் செலவுன்னு ஒண்ணொண்ணா கேப்பாங்க. எவ்வளவு லேட்டா பாக்குறாங்களோ அவ்வளவு பேமெண்ட் பாக்கலாம்ங்கிறதால அந்த வேலை பெரும்பாலும் கடைசிக்குத்தான் வரும். அந்த இன்வாய்ஸ் ஏன் லேட்டா வந்துச்சு, சரக்கு எப்போ இறங்குச்சுன்னு அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒரு பெரிய இன்வாய்ஸ் விட்டுப்போயிருந்தா அட்ஜஸ்ட்மெண்ட் என்ட்ரி போடணும், லாபமே மாறும், சைன் ஆஃப் தள்ளிப்போகும்.

ரெண்டாவது வாரம் எப்படின்னு பாத்தோம். முதல் வாரம் ஆடிட்டர் ப்ராசஸ் கேப்பாங்க, சாம்பிள் லிஸ்ட் குடுப்பாங்க, அப்போ அவ இருந்தே ஆகணும். கேட்ட வவுச்சர் எல்லாத்தையும் ஒரு ஃபோல்டர்ல போட்டு நம்பர் போட்டு குடுத்துட்டா அப்புறம் பந்து அவங்க பக்கம். உங்க கணக்குல பாக்கி எவ்வளவுன்னு கேட்டு வெண்டருங்களுக்கு பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் லெட்டர் போயிருக்கும், பதில் வர நாளாகும். அந்த இடைவெளிதான் அவளுக்கு கிடைக்குற நிஜமான ஓய்வு, அதனால அவ ரெண்டாவது வாரத்துக்கே மாத்திக்கிட்டா. இதே நாள் ஸ்டாக் பாக்குறவருக்கோ பேங்க் பாக்குறவருக்கோ வேற மாதிரி இருக்கும், அதனால டீம்ல ஒருத்தர் போனாருன்னு அதே நாளைக் கேக்காதீங்க, உங்க வேலைக்கு கேள்வி எப்போ வரும்னு பாத்து கேளுங்க.

மூணு நாளும் தேவையான்னும் பேசினோம். ஆபரேஷன் அன்னைக்கும், மறுநாள் செக்கப்புக்கும் கூட இருக்கணும், அது சரி. மூணாவது நாள் அவ அண்ணன் பாத்துக்கிறதா சொன்னாரு. அப்போ ரெண்டு நாள்.

அதுக்கப்புறம் அவ அனுப்பின மெயிலை நான் டீம்ல எல்லாருக்கும் காட்டிட்டேன் (அவகிட்ட கேட்டுட்டுதான்). காரணம் ஒரே வரி: அம்மாவுக்கு ஆபரேஷன், முதல்ல குடுத்த தேதியை மாத்தி வாங்கியிருக்கேன், இதுக்கு மேல மாத்த முடியாது. அடுத்து, போறதுக்கு முன்னாடி முடிச்சிடப்போறது என்ன, பாக்கி நிக்கப்போறது என்ன, ஃபோல்டர் எங்க இருக்கு, கேள்வி வந்தா யார் பதில் சொல்வாங்க, சாயங்காலம் எத்தனை மணிக்கு ஒரு தடவை போன் பாப்பேன். அவ்வளவுதான். அதை அப்படியே என் மேனேஜருக்கு ஃபார்வர்ட் பண்ணேன், நான் ஒரு வார்த்தை சேக்க வேண்டியிருக்கல.

கவர் பண்றவர் விஷயத்துல ஒரு சிக்கல் இருக்கு, நிறைய பேர் கவனிக்கிறதில்ல. என்ட்ரி போடுறவரும் அப்ரூவ் பண்றவரும் ஒரே ஆளா இருக்கக்கூடாது. டீம் சின்னதா இருந்தா, ஒருத்தர் லீவுல போனதும் அப்ரூவ் பண்றவர் தலையிலயே என்ட்ரியும் விழும். அதனால கவர் பண்ண இன்னொரு பையனுக்கு சிஸ்டம்ல தனியா ஆக்சஸ் கேட்டு ஐடிக்கு முன்கூட்டியே டிக்கெட் போட வச்சேன், க்ளோசிங் நேரத்துல அதுவே நாள் கணக்கா இழுக்கும். "பாஸ்வேர்ட் குடுத்துட்டுப் போறேன், அவன் போட்டுக்கட்டும்"னு அவ சாதாரணமா சொன்னா. அது மட்டும் கூடவே கூடாது. ஆடிட்டர் ஜர்னல் எல்லாத்தையும் யூசர் ஐடியோட டவுன்லோட் பண்ணித்தான் பாக்குறாங்க, லீவுல இருக்குற ஆளோட ஐடியில என்ட்ரி விழுந்திருந்தா அதுக்கு பதில் சொல்லி மாளாது.

இதெல்லாம் தேதி நம்ம கையில இருக்கும்போது. சாவு, ஆக்ஸிடெண்ட், திடீர்னு அட்மிட்னா கணக்கு பாக்க ஒண்ணும் இல்ல, "கிளம்புறேன், ஃபைல் இங்க இருக்கு"ன்னு ஒரு மெசேஜ் போதும், மிச்சத்தை நாங்க பாத்துக்கணும், அதுக்குத்தான் லீட்னு ஒருத்தர் இருக்கோம். அந்த மாதிரி நேரத்துல ப்ரூஃப் கேக்குற மேனேஜரையும் பாத்திருக்கேன், அவங்களைப் பத்தி எழுதினா இந்தக் கட்டுரை வேற பக்கம் போயிடும்.

அவ லீவுல இருந்த ரெண்டு நாள்ல ஆடிட்டர்கிட்ட இருந்து ரெண்டு கேள்வி வந்துச்சு. ஒண்ணுக்கு அந்தப் பையனே ஃபோல்டரைப் பாத்து பதில் குடுத்துட்டான். இன்னொண்ணு பழைய வெண்டர் அட்வான்ஸ் பத்தி, அவ வந்தப்புறம் பாத்துக்கலாம்னு ஆடிட்டரே சொல்லிட்டாங்க. கடைசி வாரம் வருஷம் முடிஞ்சப்புறம் போன பேமெண்ட் லிஸ்ட் வந்தப்போ அவ சீட்லதான் இருந்தா, மூணு இன்வாய்ஸுக்கு சரக்கு இறங்கின தேதியை எடுத்துக் குடுத்தா, ரெண்டு புது வருஷம், ஒண்ணு பழைய வருஷம், அதுக்கு மட்டும் என்ட்ரி போட்டோம்.