பொதிகைப் பாறையும் கடலின் உப்பும்

தாமிரபரணி மலையிலிருந்து இறங்கும் பாபநாசத்தில், அருவிக்குப் போகிறவர்கள் கரையோரப் பாறையையும் சற்று நின்று பார்க்க வேண்டும். இது சார்னோக்கைட் வகைப் பாறை. புதிதாக உடைந்த முகம் நீலம் கலந்த கருஞ்சாம்பல் நிறத்தில் எண்ணெய் தடவியதுபோல் மினுங்குகிறது. மழையும் வெயிலும் நெடுங்காலம் பட்ட மேல்தோலோ பழுப்பேறி, சில இடங்களில் நகத்தால் சுரண்டினாலே மாவாக உதிர்கிறது. கடலுக்கு உப்பு கிளம்பும் இடம் அந்த மேல்தோல்தான்.

மழைநீர் காற்றிலிருந்தும், அதைவிட அதிகமாக வேர்கள் சுவாசிக்கும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அது பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் கனிமத்தை மெல்ல அரிக்கும்போது, சோடியமும் கால்சியமும் நீரோடு போய்விட, களிமண் மிஞ்சுகிறது.

இத்தனை கரைந்தும் ஆற்று நீர் கரிக்கவில்லை. உலக ஆறுகளின் சராசரியை எடுத்தால் ஒரு லிட்டரில் கரைந்திருப்பது ஏறத்தாழ 100 மில்லிகிராம். கடல் நீரிலோ 35 கிராம். அளவைவிடக் கலவையின் வேறுபாடுதான் எனக்குப் பெரிய வியப்பு. ஆறுகள் கொண்டுவருவதில் கால்சியமும் பைகார்பனேட்டும் மிகுதி. கடலின் உப்பிலோ சோடியமும் குளோரினும் மட்டுமே எடையில் 85 சதவீதத்துக்கு மேல்.

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயலின் கரையில் இதற்கான விடையின் ஒரு பகுதி கிடக்கிறது. சங்கும் சிப்பியும், மன்னார் வளைகுடாவின் பவளமும், கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களும் கால்சியத்தை எடுத்து ஓடாக்கிக்கொள்கின்றன; அவை மடிந்தபின் அது சுண்ணாம்புப் படிவாகத் தங்கிவிடுகிறது. இதனால் கால்சியம் கடலில் சுமார் பத்து லட்சம் ஆண்டுகளே தங்குகிறது. சோடியத்தை அப்படி எடுத்துக்கொள்ள ஆளில்லாததால், அது பல கோடி ஆண்டுகள் தங்கிச் சேர்கிறது. குளோரினின் கதை வேறு: அதைத் தரும் அளவுக்குப் பாறைகளில் குளோரின் இல்லை, அதில் பெரும்பகுதி, பூமியின் இளமையில் எரிமலைகள் கக்கிய வாயுக்களிலிருந்து வந்தது.

1899-இல் அயர்லாந்து அறிஞர் ஜான் ஜோலி, கடலின் மொத்தச் சோடியத்தை ஆறுகள் ஆண்டுதோறும் சேர்க்கும் அளவால் வகுத்து, கடலின் வயது 8 முதல் 9 கோடி ஆண்டுகள் என்றார். உண்மையில் கடல் 400 கோடி ஆண்டுகள் அளவுக்குப் பழையது. சோடியம் கடலைவிட்டு வெளியேறவும் செய்கிறது என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை. கடலடி எரிமலைப் பாறைகள் கொஞ்சத்தை வாங்கிக்கொள்கின்றன. கடலலை தெறித்த துளிகளோடு காற்றில் ஏறி, மழையாக நிலத்தில் விழுந்து, மீண்டும் ஆற்றில் வருவதும் உண்டு.

மற்றொரு வழியைத் தூத்துக்குடி உப்பளங்களில் நேரில் காணலாம். வெயிலில் உப்புநீர் சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்பும், பிறகு ஜிப்சமும், அதற்கும் பிறகே சோற்றுப்பும் பாத்தியில் படிகின்றன. மக்னீசியம் மிகுந்த கசப்பு நீர் எஞ்சுகிறது. கடலின் ஒரு பகுதி நிலத்தால் அடைபட்டு வற்றும்போதும் இதே வரிசையில்தான் படிகிறது. பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்தில் இன்று வெட்டப்படும் இந்துப்பு, 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் அவ்வாறு வற்றிய கடலின் உப்பாகும்.