பெயர் போட்ட மெயில்

வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து வந்த அந்த மெயிலில், என்னோடு வேலை செய்யும் மேடத்தின் பெயர் போட்ட பச்சைக் குறி காலை 9.20-லிருந்து இருந்தது. மதியம் 1.15-க்கு அதை எடுத்துவிட்டு என் பெயருக்கான நீலக் குறியைப் போட்டேன். நடந்தது அவ்வளவுதான். செய்தது சரிதான் என்று ஒரு நாள் தோன்றுகிறது, அடுத்த நாள் அப்படித் தோன்றுவதில்லை.

எல்லோரும் ஒரே பொது மெயில்பாக்ஸில் வேலை செய்யும்போது, எதை யார் எடுத்திருக்கிறார்கள் என்று காட்ட ஏதாவது ஒரு அடையாளம் வேண்டும். முதலில் நாங்கள் ‘படித்தது, படிக்காதது’ என்பதையே அடையாளமாக வைத்திருந்தோம். அது வேலைக்கு ஆகவில்லை. பொது மெயில்பாக்ஸில் ஒருவர் படித்தாலே எல்லோருக்கும் படித்ததாகத்தான் காட்டும். யாராவது சும்மா முன்னோட்டத்தில் பார்த்துவிட்டு நகர்ந்தால்கூட, மற்றவர்கள் ‘யாரோ கவனிக்கிறார்கள்’ என்று விட்டுவிடுவார்கள். அதனால் அவுட்லுக்கின் வண்ணக் குறிகளுக்கு வந்தோம். ஆளுக்கு ஒரு நிறம், அதில் அவரவர் பெயர். குறியைப் போட்ட பிறகுதான் பதில் எழுத ஆரம்பிக்க வேண்டும்.

குறி என்பது பூட்டு அல்ல. ஒரே மெயிலில் இரண்டு பேர் போட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், முதலாவது இரண்டாவதைத் தடுக்காது. ஒருவர் போட்டது மற்றவர் திரையில் தெரிய சில நொடிகள் ஆகும், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதனால் குறி போட்டுவிட்டு, கொஞ்சம் பொறுத்து, இன்னொரு முறை பார்த்துவிட்டு எழுதுவது எங்கள் வழக்கம். இரண்டு பெயர் தெரிந்தால் பேசிக்கொள்வோம். இதெல்லாம் பழகிவிட்டது.

எனக்குச் சிக்கலாகத் தெரிவது வேறு. குறி ‘யார்’ என்பதைச் சொல்லும். எப்போது எடுத்தார், இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதைச் சொல்லாது. வேலை நடந்துகொண்டிருக்கும் மெயிலும், காலையில் வந்ததும் துண்டு போட்டு வைத்துவிட்டு மறந்துபோன மெயிலும் ஒரே பச்சையில்தான் இருக்கும். 9.20 என்பதுகூட, அன்று மேடம் குறி போட்டபோது நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் தெரிந்தது.

அந்த வாடிக்கையாளருக்கு வந்த பொருள் உடைந்திருந்தது. மாற்றுப் பொருள் கிடைக்குமா, இல்லை பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். 1.15-க்குப் பச்சைக் குறி அப்படியே இருந்தது. மேடம் இடத்தில் இல்லை. பதில் போயிருக்கிறதா என்று பொது மெயில்பாக்ஸின் ‘அனுப்பியவை’யில் தேடினேன், இல்லை. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பொது முகவரியிலிருந்து அனுப்பும் பதிலின் நகல் வழக்கமாக அனுப்பியவருடைய சொந்த ‘அனுப்பியவை’யில்தான் விழும். பொது மெயில்பாக்ஸிலும் விழ வேண்டுமானால் நிர்வாகி இந்தக் கட்டளையைக் கொடுத்துத் தனியாக அமைக்க வேண்டும்:

```
Set-Mailbox support@example.com -MessageCopyForSentAsEnabled $true
```

எங்களுக்கு அது போடப்பட்டிருந்தது. ஆகவே ‘பதில் போகவில்லை’ என்று நான் முடிவு செய்ததில் ஓட்டை ஏதும் இல்லை. பச்சையை எடுத்தேன், நீலத்தைப் போட்டேன், மாற்றுப் பொருள் அனுப்புகிறோம் என்று எழுதினேன், கிடங்குக்கும் சொன்னேன்.

மூன்று மணி வாக்கில் வாடிக்கையாளர் மறுபடி எழுதினார். காலையில் போனில் பேசியவர் பணத்தைத் திருப்பித் தருவதாகவும், மாலைக்குள் யோசித்துச் சொல்லலாம் என்றும் சொன்னாராம். தனக்குப் பணமே போதும், பிறகு எதற்கு மாற்றுப் பொருள் என்று கேட்டிருந்தார். இந்தப் பதில் எந்தக் குறியும் இல்லாமல்தான் வந்து விழுந்தது. பழைய மெயிலில் போட்ட குறி புதிதாக வருவதில் தானாக ஒட்டாது. மூன்றாவதாக ஒருவர் அதை எடுத்து மூன்றாவது பதில் எழுதியிருக்கலாம். நல்லவேளை, என் கண்ணில் பட்டது.

கிடங்கில் நிறுத்திவிட்டு மேடத்திடம் போனேன்.

“என் பேரை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“நீங்க இடத்துல இல்லையே மேடம். நாலு மணி நேரமா அப்படியே இருந்துச்சு.”

“நான் பேசிட்டேன். அவர் முடிவு சொல்லணும்னுதான் விட்டு வெச்சிருந்தேன்.”

“அது எனக்கு எப்படித் தெரியும்?”

“என் பேரு இருந்துச்சே. அதுக்கு என்ன அர்த்தம்?”

இந்தக் கடைசிக் கேள்விக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. இப்போதும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ‘இது என் பொறுப்பு, யாரும் தொடாதே’ என்பது அவருடைய அர்த்தம். ‘இப்போது இதைச் செய்துகொண்டிருக்கிறேன்’ என்பது என்னுடையது. அவர் அர்த்தப்படி நான் தொட்டதே தவறு. என் அர்த்தப்படி, நான்கு மணி நேரம் அசையாத குறிக்குப் பின்னால் ஒரு வாடிக்கையாளர் காத்துக்கொண்டிருக்கிறார். போன் செய்திருக்கலாம்தான். ஆனால் மூவரின் பெயர்கள் நாள் முழுக்க அசையாமல் கிடக்கும் ஒரு பெட்டியில், ஒவ்வொன்றுக்கும் போன் செய்துகொண்டிருந்தால் வேலை நடக்குமா? இதைச் சொல்லும்போதே, அன்று நான் எடுத்தது ஒரே ஒரு மெயிலைத்தான் என்பதும் நினைவுக்கு வருகிறது.

குறிக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு ஃபோல்டர் வைத்து, எடுப்பதை அதற்குள் நகர்த்திவிடலாம் என்றார் ஒருவர். யோசனை மோசமில்லை. குறி இரண்டு ஒட்டும், மெயில் இரண்டு ஃபோல்டரில் இருக்காது. ஒருவர் நகர்த்திவிட்டால் மற்றவருக்கு இன்பாக்ஸில் அது இருக்காது. ஆனால் நகர்த்தியவர் மறந்தால் அது யார் கண்ணிலும் படாது. குறி போட்டு மறந்த மெயிலாவது இன்பாக்ஸில் எல்லோர் கண்ணையும் உறுத்திக்கொண்டிருக்கும். வாடிக்கையாளரின் அடுத்த பதிலும் இன்பாக்ஸில்தான் வந்து விழும், முன்கதை வேறொருவர் ஃபோல்டரில் கிடக்கும். வேண்டாம் என்று விட்டோம்.

கடைசியில் தலைவர் ஒரு விதி வைத்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருக்கும் குறியை, பெயர்க்காரரைக் கேட்டு எடுக்கலாம். ஆள் கிடைக்காவிட்டால் கேட்காமலும் எடுக்கலாம். சரி, இந்த விதி அன்றே இருந்திருந்தால்? நான் செய்தது முழுக்க விதிப்படிதான். வாடிக்கையாளருக்கு இரண்டு பதில் போனதும் விதிப்படியே நடந்திருக்கும்! கூட்டத்தில் இதைச் சொன்னேன். என்னை நியாயப்படுத்திக்கொள்ளச் சொன்னதாக மேடம் எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். கொஞ்சம் அப்படியும்தான்.

அதன் பிறகு ஒரு துணை விதி சேர்ந்தது. போனில் பேசினாலோ காத்திருந்தாலோ, அதே மெயிலுக்குப் பதில் போடுவதுபோல் ஒரு வரி எழுதி, பொது முகவரிக்கு மட்டும் அனுப்ப வேண்டும். “11 மணிக்குப் பேசினேன், பணம் தரலாம் என்றேன், மாலை முடிவு சொல்வார்.” அது உரையாடலிலேயே தங்கிவிடும், எழுதிய நேரமும் தெரியும். பெறுநர் இடத்திலிருந்து வாடிக்கையாளரின் முகவரியை எடுத்துவிட வேண்டும், அதுதான் இதில் ஆபத்து. அனுப்பு பொத்தானைத் தொடும்முன் அந்த இடத்தை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

மேடம் இந்த வரியை ஒழுங்காக எழுதுகிறார். நான் நெருக்கடியான நாட்களில் விட்டுவிடுகிறேன், குறி இருக்கிறதே என்று.