150 ரூபாய்ப் பொருளை 168-க்கு வாங்கிய கதை

அந்த ஆர்டரை நான் ஆசிரியர் ஓய்வறையில் உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போவதற்கு முன் போட்டேன். அமெரிக்காவின் நாஸ்டாக் 100 என்ற பங்குக் குறியீட்டைப் பின்பற்றும் இடிஎஃப், அதாவது பங்கைப் போலவே நம் பங்குச்சந்தையில் வாங்கி விற்கக்கூடிய ஃபண்டு. ஒரு யூனிட் 168 ரூபாய், 300 யூனிட், மொத்தம் 50,400 ரூபாய். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. தக்கலை சந்தையில் ஒரு சேலைக்கு இதைவிட அதிக நேரம் பேரம் பேசியிருக்கிறேன்.

மறுநாள் இரவு, மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான ஆம்ஃபியின் தளத்தில் அதே ஃபண்டின் நிகர சொத்து மதிப்பைத் தற்செயலாகப் பார்த்தேன். 150 ரூபாய் என்று இருந்தது. வேறு ஃபண்டைப் பார்த்துவிட்டேனோ என்று பெயரை மூன்று முறை சரிபார்த்தேன். அதே ஃபண்டுதான். யூனிட்டுக்குள் இருக்கும் பங்குகளின் மதிப்பு 150, நான் கொடுத்தது 168. 45,000 ரூபாய்ச் சரக்குக்கு 5,400 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன், 12 சதவீதம். தரகுக் கட்டணம் 20 ரூபாயா 10 ரூபாயா என்று ஒரு வாரம் ஒப்பிட்டுப் பார்த்தவள் நான்.

இது ஏன் நடக்கிறது என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு எளிதாகப் புரியும். ஜூன், ஜூலையில் குளச்சல் பக்கம் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கடலில் மீன் குறைந்துவிடவில்லை, கரைக்கு வருவதுதான் குறைகிறது. விலை ஏறிவிடுகிறது. சாதாரணமாக ஒரு இடிஎஃப்பின் சந்தை விலை அதன் உள்மதிப்பைவிட ஏறினால், பெரிய வர்த்தகர்கள் ஃபண்டு நிறுவனத்திடம் புதிய யூனிட்டுகளை உருவாக்கச் சொல்லி வாங்கிச் சந்தையில் விற்பார்கள், விலை இறங்கிவிடும். வெளிநாட்டு ஃபண்டுகளில் அந்தக் கதவுக்குப் பூட்டு இருக்கிறது. இந்திய மியூச்சுவல் ஃபண்டுகள் எல்லாம் சேர்ந்து வெளிநாட்டுப் பங்குகளில் போடக்கூடிய தொகைக்கு 700 கோடி டாலர் என்றும், வெளிநாட்டு இடிஎஃப்களில் போடத் தனியாக 100 கோடி டாலர் என்றும் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். 2022 ஆரம்பத்தில் முதல் வரம்பை நெருங்கியதும் புதிய பணம் வாங்குவதை நிறுத்தும்படி சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி சொன்னது. அதன்பின் கதவு சில நேரம் திறக்கிறது, சில நேரம் மூடுகிறது. மூடியிருக்கும்போது புதிய யூனிட் பிறக்காது. வாங்க வருகிறவர்கள் இருக்கிற யூனிட்டுகளுக்கே போட்டி போடுகிறார்கள்.

இந்தக் கூடுதல் விலையின் ஆபத்து வாங்கும்போது தெரியாது, விற்கும்போதுதான் தெரியும். என் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டில் குறியீடு 10 சதவீதம் ஏறி, டாலரும் ரூபாய்க்கு எதிராக 3 சதவீதம் ஏறுகிறது என்று வைப்போம். உள்மதிப்பு 150-லிருந்து சுமார் 170 ஆகும். கதவு திறந்து கூடுதல் விலை முழுவதும் மறைந்திருந்தால், 150-க்கு வாங்கியவருக்கு 20 ரூபாய் லாபம், 168-க்கு வாங்கிய எனக்கு 2 ரூபாய். அமெரிக்கச் சந்தை நன்றாக ஓடியும் என் பணம் அசையாமல் நிற்கும்.

இந்தக் கூடுதல் விலையைக் கண்டுபிடிக்கும் வழி மிக எளிது என்பதுதான் எரிச்சல். ஃபண்டு நிறுவனத்தின் தளத்தில் சந்தை நேரத்தில் `iNAV` என்று ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் அந்த நேரத்து உள்மதிப்பின் மதிப்பீடு. சந்தை விலையை அதனுடன் ஒப்பிட வேண்டும். நம் சந்தை திறந்திருக்கும்போது அமெரிக்கா தூங்குகிறது, ஆகவே முந்தைய இரவின் விலைகளை அடிப்படையாகக் கொண்டதால் ஒன்றிரண்டு சதவீத வித்தியாசம் வருவது இயல்பு. அதற்கு மேல் போனால் நான் இப்போது தொடுவதில்லை. வாங்கினாலும் விலை வரம்பு குறிப்பிட்டுத்தான் ஆர்டர் போடுகிறேன். அன்று நான் போட்டது சந்தை விலை ஆர்டர்.

என் யூனிட்டுகளை என்ன செய்வது? கூடுதல் விலை கொடுத்து வாங்கியவருக்கு ஒரே ஆறுதல், அது இருக்கும்போதே விற்றால் ஒரு பகுதி திரும்பி வரும் என்பது. எட்டாவது மாதம் உள்மதிப்பு 161, சந்தை விலை 174. கூடுதல் 8 சதவீதமாகக் குறைந்திருந்தது. விற்றுவிட்டேன். உள்மதிப்பு 11 ரூபாய் ஏறியதில் எனக்குக் கிடைத்தது 6 ரூபாய், மொத்தம் 1,800. 12 மாதம் ஆகாததால் அதற்கும் என் வருமான வரி அடுக்கின்படி வரி. காத்திருந்தால் 12.5 சதவீத வரி. ஆனால் வரிக்காகக் காத்திருந்து அந்த 8 சதவீதத்தையும் இழக்க நான் தயாராக இல்லை.

பெங்களூரில் இருக்கும் கொழுந்தன் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "அண்ணி, நேராக அமெரிக்காவிலேயே கணக்குத் திறந்து வாங்குங்கள்" என்றான். ரிசர்வ் வங்கி ஓர் ஆண்டுக்கு ஒருவருக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்ப அனுமதிக்கிறது, 10 லட்சம் ரூபாய் வரை முன்கூட்டி வரிப் பிடித்தமும் இல்லை. வங்கியில் விசாரித்தேன். 50,000 ரூபாய் அனுப்ப, மாற்று விகிதத்தில் அவர்கள் எடுக்கும் ஒரு சதவீதம் 500 ரூபாய், அனுப்பும் கட்டணம் 1,000, மேலே ஜிஎஸ்டி. போகும்போதே 3 சதவீதத்துக்கு மேல் போகிறது, திரும்பக் கொண்டுவரும்போது இன்னொரு முறை. வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துகளைத் தனி அட்டவணையில் காட்டவும் வேண்டும், அதுவும் காலண்டர் ஆண்டுக் கணக்கில். மொத்தமாக 5 லட்சம் அனுப்புகிறவருக்கு இந்தச் செலவு பொருட்டாகாது. மாதம் 3,000 போடும் எனக்கு ஒத்துவராது.

கடைசியில் வெளிநாட்டு ஃபண்டு ஒன்றில் முதலீடு செய்யும் இந்தியத் திட்டம் ஒன்றுக்கு வந்தேன், முகவர் கமிஷன் இல்லாத நேரடித் திட்டம். இதில் யூனிட் உள்மதிப்பிலேயே கிடைக்கும், கூடுதல் விலை கிடையாது. அந்த நேரத்தில் அது பணம் வாங்கிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் 3 மணிக்கு முன் பணம் போய்ச் சேர்ந்தால் செவ்வாய்க்கிழமை மதிப்பு, ஆனால் அமெரிக்கச் சந்தை நமக்கு நள்ளிரவு தாண்டித்தான் மூடுகிறது, ஆகவே என்ன விலைக்கு வாங்கினோம் என்பது புதன்கிழமைதான் தெரியும். விற்றாலும் பணம் உடனே வராது, சில வேலை நாள்கள் ஆகும். மகளின் கட்டணம் கட்ட வேண்டிய பணத்தை இதில் வைக்கக் கூடாது.

இங்கே செலவு இரண்டு அடுக்கு. நம் திட்டத்தின் செலவு விகிதம் 0.6 சதவீதம் என்று பெரிதாகப் போட்டிருந்தது. மாதாந்திர அறிக்கையின் அடியில், அது முதலீடு செய்யும் ஃபண்டின் செலவையும் முதலீட்டாளரே ஏற்க வேண்டும் என்று சிறிய எழுத்தில் ஒரு வரி. அந்த ஃபண்டின் அறிக்கையைத் தேடிப் படித்தேன், இன்னொரு 0.8. ஆக 1.4 சதவீதம். லட்சத்துக்கு ஆண்டுக்கு 1,400 ரூபாய். பில் எதுவும் வராது, மதிப்பிலிருந்தே கழிந்துவிடும்.

ஓய்வறையில் இதைச் சொன்னபோது கணக்கு டீச்சர் கேட்டார்: "விலை ரூபாயில்தானே இருக்கிறது, டாலர் எங்கே வருகிறது?" நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ரூபாயில் எழுதியிருப்பது விலைப்பட்டியல்தான், உள்ளே இருக்கும் பங்குகள் டாலரில் சம்பாதிக்கின்றன. 2022-இல் நாஸ்டாக் 100 டாலரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. அதே ஆண்டில் டாலர் 74 ரூபாய்ச் சில்லறையிலிருந்து 82-ஐத் தாண்டியது. ஆகவே இங்கே இருந்தவருக்கு நஷ்டம் 25-26 சதவீதத்தோடு நின்றது. இதைக் கேட்டவுடன் டாலர் எப்போதும் நம்மைத் தாங்கும் என்று தோன்றும். 2007-ஐப் பாருங்கள். ஆண்டின் தொடக்கத்தில் 44 ரூபாய் இருந்த டாலர், முடிவில் 39 சொச்சத்துக்கு இறங்கியது. அந்த ஆண்டு அமெரிக்கப் பங்கு 10 சதவீதம் ஏறியிருந்தாலும் நம் கையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

எவ்வளவு போடுவது என்று யோசிக்கும்போதுதான் எங்கள் வீட்டுக் கணக்கு மற்ற ஊர்க்காரர்களின் கணக்கிலிருந்து வேறுபடுகிறது என்று தெரிந்தது. பொதுவாகச் சொல்லும் காரணம், ரூபாய் விழும்போது டாலர் சொத்து காப்பாற்றும் என்பது. என் கணவர் ஷார்ஜாவில் வேலை செய்கிறார். திர்ஹமின் மதிப்பு டாலருடன் கட்டப்பட்டது, ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம், பல ஆண்டுகளாக மாறவில்லை. ஆகவே அவர் அனுப்பும் ஒவ்வொரு திர்ஹமும் டாலர்தான். ரூபாய் விழுந்தால் எங்கள் வீட்டு வருமானம் தானாக ஏறுகிறது. மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே பணமாற்று நிறுவனப் பலகைகளை எண்ணிக்கொண்டே வந்தால் தெரியும், இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. குலசேகரத்தில் மாமனாருக்கு ஒரு ஏக்கர் ரப்பர் இருக்கிறது, அதன் விலைகூட உலகச் சந்தையைப் பார்த்துத்தான் நகர்கிறது.

இன்னொன்றும் உறுத்தியது. 2020 மார்ச்சில் பங்குச்சந்தை சரிந்தது, அதே ஆண்டில் வளைகுடாவில் வேலை போய்த் திரும்பியவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். அங்கே வேலை போகும் காலமும் உலகப் பங்குகள் விழும் காலமும் ஒன்றாக வரலாம். கணவரின் சம்பளம் நிற்கும் மாதத்தில் இந்த ஃபண்டை விற்க நேர்ந்தால், பாதாளத்தில் விற்க வேண்டியிருக்கும்.

ஆகவே முதலில் ஓராண்டுச் செலவு ரூபாயில், வங்கி வைப்பில் தனியாக வைத்தோம். நீண்ட காலச் சேமிப்பு 12 லட்சம். அதில் 10 சதவீதம், அதாவது 1,20,000 ரூபாய்தான் வெளிநாட்டுக்கு. டாலருக்காக அல்ல, எல்லாப் பணமும் இந்திய நிறுவனங்களிலேயே இருக்கக் கூடாது என்பதற்காக. இடிஎஃப்பை விற்று வந்த 52,200-ஐ அதில் போட்டேன், மீதிக்கு மாதம் 3,000. சந்தை ஏறி வெளிநாட்டு முதலீட்டின் விகிதம் 15 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய அளவுக்கு விற்று இந்தியக் குறியீட்டு ஃபண்டுக்கு மாற்றுவது என்று முடிவு. கணவர் ஆறு ஆண்டுகளில் திரும்பி வருவார். அப்போது திர்ஹம் நின்றுவிடும், செலவு எல்லாம் ரூபாயில். அந்த நேரம் 20 சதவீதம் வரை உயர்த்தலாம் என்று ஒரு நினைப்பு. மகள் எட்டாம் வகுப்பு, வெளிநாட்டில் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது உறுதியானால் கணக்கே வேறு. டாலரில் கட்ட வேண்டிய செலவுக்கு டாலரில் சேர்ப்பது சரிதான், ஆனால் மூன்று ஆண்டுகளில் தேவைப்படும் பணத்தைப் பங்குகளில் வைக்க முடியாது.

ஐந்தாவது தவணையின்போது செய்தி வந்தது: வரம்பு காரணமாகத் திட்டம் புதிய முதலீடுகளைத் தற்காலிகமாக நிறுத்தியிருக்கிறது, ஓடிக்கொண்டிருக்கும் மாதத் தவணையான எஸ்.ஐ.பி.யும் சேர்த்து. பழைய இடிஎஃப்பைத் திறந்து பார்த்தேன். `iNAV`-ஐவிட 11 சதவீதம் மேலே நின்றது. அந்த மாதம் 3,000 ரூபாய் இந்தியக் குறியீட்டு ஃபண்டுக்குப் போனது.