புரொபேஷன் நீட்டிப்பு: ஒரு எச்.ஆர். நாட்குறிப்பு

18 நவம்பர் 2024, திங்கள்

கணக்குப் பிரிவு மேலாளர் காலையிலேயே வந்து நின்றார். ஜூன் 3-ல் சேர்ந்த தம்பிக்கு டிசம்பர் 2-ஆம் தேதியோடு ஆறு மாத புரொபேஷன் முடிகிறது. "கன்ஃபர்ம் பண்ண மனசு வரலீங்க மேடம், அனுப்பவும் மனசு வரல. மூணு மாசம் நீட்டிச்சு ஒரு லெட்டர் போட்டுருங்க."

அவரே எழுதி வைத்திருந்த வரியையும் தந்தார்: 'வேலைத்திறன் எதிர்பார்த்த அளவில் இல்லை, அக்கறை போதாது.'

இதைப் படித்துவிட்டு அந்தப் பையன் நாளையிலிருந்து எதை மாற்றிக்கொள்வான்? எந்தத் தப்பு, எத்தனை, எப்போது என்று திருத்தப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். "தினமும் ஒண்ணு இருக்கும்" என்றார். பதிவேட்டையே வாங்கி வந்துவிட்டேன்.

19 நவம்பர், செவ்வாய்

மதியம் முழுக்க அந்த நோட்டுதான். மாதம் இருநூறு சப்ளையர் பில் அவன் கையால் ஏறுகிறது. முதல் மூன்று மாதத் தப்புகளைத் தனியே ஒதுக்கினேன். அது பழகுகிற காலம். செப்டம்பர் முதல் இன்றுவரை பதினொன்று. தினமும் ஒன்று இல்லை, ஆனால் குறைவும் இல்லை.

ஆறு பில்கள் பாலக்காட்டு வார்ப்படக்காரர்களுடையவை. வெளிமாநிலச் சரக்கு என்பதால் ஐஜிஎஸ்டி 18 சதவீதம் என்று ஏற வேண்டும். இவன் உள்ளூர் பில் போல மத்திய வரி 9, மாநில வரி 9 என்று பிரித்துப் போட்டிருக்கிறான். மொத்தத் தொகை சரியாகவே வருவதால் போடும்போது கண்ணில் படாது. மாத நடுவில், சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் 2பி அறிக்கையோடு ஒப்பிடும்போதுதான் இடிக்கும்.

மூன்று பில்களில் ஸ்டோர்ஸ் வாங்கிய எண்ணிக்கை குறைவு. ஒன்றில் 500 கேட்டு 480 வந்திருக்கிறது, பில் 500-க்கு. நிறுத்தி வைத்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கடைசி இரண்டு, ஒரே பில் இரண்டு முறை ஏறியவை. மெயிலில் ஒரு தடவை, லாரியோடு வந்த காகிதத்தில் மறு தடவை. அதில் ஒன்றுக்கு 41,300 ரூபாய் இரண்டு முறை போயே விட்டது. மேலாளர் மூச்சுக்கு மூச்சு சொல்வது இந்த பில்லைத்தான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அவனுக்குச் சொல்லிக்கொடுத்த சீனியர் ஆகஸ்ட் கடைசியில் வேலையை விட்டுப் போனார். அதன் பிறகு யாரையும் பொறுப்பாகப் போடவில்லை.

21 நவம்பர், வியாழன்

நேற்று 3பி என்கிற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் என்பதால் கணக்குப் பிரிவில் யாரையும் அசைக்க முடியவில்லை. இன்று உட்கார்ந்தோம்.

'ஆகஸ்டுக்குப் பின் உங்களுக்குத் தொடர்ந்த வழிகாட்டுதல் அமையவில்லை' என்று கடிதத்தில் ஒரு வரி வேண்டும் என்றேன். மேலாளர் முகம் மாறிவிட்டது. "நம்ம தப்ப நாமளே எழுதிக் குடுக்கறதுங்களா? நாளைக்கு கோர்ட்டுல அதையே நீட்டுவான்." பயம் நியாயம்தான். ஆனால் நடந்ததை மறைத்துவிட்டு 'இனி உதவுவோம்' என்று எழுதினால், இதுவரை ஏன் இல்லை என்று அவனே கேட்பானே. அரை மணி நேரம் பேசி, அந்த வரி நின்றது. 'அக்கறை போதாது' போனது. அக்கறையை யார் அளப்பது? அதோடு, வேலையைப் பற்றிச் சொல்வதற்கும் ஆளின் குணத்தின் மேல் கறை பூசுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நீதிமன்றங்கள் கூர்ந்து பார்க்கும்.

'டிசம்பர் முதல் வாரம் குடுத்தாப் போதாதுங்களா' என்றும் கேட்டார். போதாது. எங்கள் நியமன ஆணையிலேயே புரொபேஷன் ஆறு மாதம், தேவைப்பட்டால் அதிகபட்சம் மூன்று மாதம் நீட்டிக்கலாம் என்றிருக்கிறது. தேதி கடந்தபின் முன்தேதியிட்டு நீட்டிப்பது வம்பை விலைக்கு வாங்குவது. 1968-ல் பஞ்சாப் ஆசிரியர்கள் வழக்கில், விதி சொன்ன உச்ச வரம்பைத் தாண்டியும் வேலையில் தொடரவிட்டதால் அவர்கள் நிரந்தரமானவர்களாகவே கொள்ளப்படுவார்கள் என்றது உச்ச நீதிமன்றம். அது அரசுப் பணி, எங்களுடையது தனியார் கம்பெனி. இருந்தாலும் உச்ச வரம்பை நாமே எழுதிவைத்துவிட்டு அதை மறந்து தூங்கக் கூடாது.

மறுபரிசீலனைக்கு அவர் சொன்ன தேதி பிப்ரவரி 20. அன்றும் 3பி கடைசி நாள்! தலையில் அடித்துக்கொண்டு 24-ஆம் தேதி, திங்கள் என்று மாற்றினேன். நீட்டிப்பு மார்ச் 2 வரை. நடுவில் ஆறு நாள் இருந்தால்தான் முடிவை எழுதிக் கையில் தர முடியும்.

25 நவம்பர், திங்கள்

கடிதம் முடிந்தது, ஒன்றே கால் பக்கம். நடுப்பகுதி இப்படி:

'உங்கள் புரொபேஷன் காலம் 3.12.2024 முதல் 2.3.2025 வரை நீட்டிக்கப்படுகிறது. செப்டம்பர் முதல் நவம்பர் 18 வரை பதினொரு பில்களில் திருத்தம் தேவைப்பட்டது, விவரம் இணைப்பில். வெளிமாநில வரிப் பதிவும், சரக்கு குறைந்த பில்லைக் கேட்காமல் அனுப்புவதும் எங்களுக்குக் கவலை தருகின்றன. நேரம் தவறாமை, சப்ளையர்களிடம் பேசும் முறை இரண்டிலும் குறையில்லை. ஆகஸ்டுக்குப் பின் உங்களுக்குத் தொடர்ந்த வழிகாட்டுதல் அமையவில்லை. டிசம்பர் 3 முதல் மூத்த உதவியாளர் ஒருவர் தினமும் மாலை நான்கு மணிக்கு அரை மணி நேரம் உங்களுடன் அமர்ந்து, வெளிமாநில பில்கள் அனைத்தையும் பார்ப்பார். டிசம்பர் 30, ஜனவரி 27 தேதிகளில் இடைப் பேச்சு. பிப்ரவரி 24 இறுதி மறுபரிசீலனை. ஜனவரி, பிப்ரவரி பில்களில் வெளிமாநில வரிப் பிழை இருக்கக் கூடாது. எண்ணிக்கை இடிக்கும் பில் எதுவும் கேட்காமல் போகக் கூடாது. சம்பளம், பி.எஃப்., விடுப்பு ஆகியவற்றில் மாற்றமில்லை. எழுத்துமூலம் உறுதி செய்யும்வரை பணி நிரந்தரமானதாகக் கொள்ளப்படாது.'

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கே கசக்கிறது. எடுக்க முடியாது.

26 நவம்பர், செவ்வாய்

மீட்டிங் ரூமில் கொடுத்தேன். மேலாளரும் இருந்தார். முதலில் வாயால் சொல்லிவிட்டுத்தான் காகிதத்தை நீட்டினோம்.

இரண்டு முறை படித்தான். "வீட்டுல அப்பா கேட்டா என்னன்னு சொல்றதுங்க மேடம்?" வேலை இருக்கிறது, மூன்று மாதம் கழித்துத்தான் நிரந்தரம் பற்றி முடிவு, அப்படியே சொல்லு என்றேன். தலையாட்டினான். பிறகு இணைப்பில் விரல் வைத்தான். "இந்த நாப்பத்தோராயிரத்து முன்னூறு நான் போட்டது இல்லீங்க. முதல் தடவை போட்டது நான். ரெண்டாவது நாலாந்தேதி ஏறியிருக்கு. தீபாவளிக்குப் போனவன் அஞ்சாந்தேதிதானுங்க வந்தேன்."

மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பார்த்துச் சொல்கிறோம் என்று நான் முந்திக்கொண்டேன். 'பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும் கையெழுத்து வாங்கினேன். 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற சொல்லை நான் எப்போதும் வைப்பதில்லை.

27 நவம்பர், புதன்

வருகைப் பதிவில் நவம்பர் 4 விடுப்பு. கணக்கு மென்பொருளான டேலியில் அந்த இரண்டாவது பதிவு வேறொருவர் லாகினில் இருக்கிறது. பதிவேட்டில் பெயர் எழுதியவர் சப்ளையர் பெயரைப் பார்த்து இவன் கணக்கில் சேர்த்துவிட்டார். நானும் பதிவேட்டை நம்பினேனே தவிர டேலியைத் திறக்கவில்லை.

மற்ற பத்தையும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவை அவனுடையவைதான். நீட்டிப்பு நிற்கிறது.

28 நவம்பர், வியாழன்

பழைய கடிதத்தைத் திரும்பப் பெற்று, 'பத்து பில்கள்' என்று திருத்திய கடிதத்தைக் கொடுத்தேன். தப்பாகச் சேர்த்ததற்கு வருத்தம் என்று மேலாளரே வாயால் சொன்னார், கொஞ்சம் தரையைப் பார்த்தபடி. தம்பி, "பரவாலீங்க சார்" என்றான். எதிர்பார்க்காத ஒன்றும் கேட்டான்: பாலக்காட்டு பில்கள் வரும் ஃபைலை வேறு நிறத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று.

30 டிசம்பர், திங்கள்

முதல் இடைப் பேச்சு, இருபது நிமிடம். வெளிமாநில பில் பதினாறில் ஒன்று தப்பு, அதையும் மாலை நான்கு மணிக்கு அவனே பிடித்திருக்கிறான். எண்ணிக்கை இடித்த இரண்டை நிறுத்திவைத்துக் கேட்டிருக்கிறான். ஆனால் மூத்த உதவியாளர் இந்த மாதம் ஐந்து நாள் உட்காரவில்லை. அதையும் குறிப்பில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டோம். ஜனவரியில் பொங்கல் விடுமுறை வேறு வருகிறது. அந்த நாட்களுக்கு யார் உட்காருவது என்று மேலாளரிடம் பெயர் கேட்டிருக்கிறேன்.